மூன்றாவது முறையும் டி.பி. மாத்திரை சாப்பிட வேண்டுமா?

"டாக்டர், எனக்கு வயது 38. எடை 50 கிலோ. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. பத்து வருஷத்துக்கும் மேலாக இருமல் விடவில்லை. காலையில் கட்டியான சளி வரும். சில நாள் பழுப்பு நிறத்தில், இழுத்தால் நீளும் துண்டாகவே வரும். 2014-லும் 2019-லும் எக்ஸ்-ரேயில் நிழல் தெரிகிறது என்று ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு தடவையும் சளியில் கிருமி இல்லை என்றுதான் ரிசல்ட் வந்தது. ஆனாலும் நிழல் மறைந்துவிட்டது. இப்போது மறுபடி நிழல். சி.டி. ரிப்போர்ட்டில் 'இரண்டு மேல் மடல்களிலும் சென்ட்ரல் பிராங்கியெக்டாசிஸ், குழாய்ச் சுவர் தடிப்பு, மியூகஸ் பிளக்கிங், வலது மேல் மடலில் ஹைப்பர்டென்ஸ் மியூகஸ்' என்று இருக்கிறது. ரத்தத்தில் வெள்ளணு 9,800, இயோசினோஃபில் 14 சதவீதம். காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. வீசிங் முற்றும்போது ஐந்து நாள் ஸ்டீராய்டு தருவார்கள், அந்த ஐந்து நாளும் நன்றாக இருப்பேன். இப்போது மூன்றாவது முறை டி.பி. மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். மாமியார் என் மகளை என்னோடு படுக்க விடுவதில்லை. நுரையீரல் அழுகிவிட்டதா? ஆபரேஷன் வேண்டுமா? சாக்பீஸ் தூசி காரணமா? இன்ஹேலர் பழகியதால் இப்படி ஆனதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை இன்றே தொடங்க வேண்டாம். முதலில் சளியை முறையாகப் பரிசோதித்து, கூடவே இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு வாரம் போதும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு வாரத்தால் உங்களுக்கு ஆபத்து வராது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள நாலைந்து விவரங்களும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. அந்தப் பக்கத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள்

நுரையீரலுக்குள் ஒவ்வொரு காற்றுக்குழாயும் ஒரு ரத்தக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். உள்ளே போகப் போக இரண்டுமே மெலிந்துகொண்டே போகும். சி.டி. படத்தில் காற்றுக்குழாய் பக்கத்து ரத்தக்குழாயைவிடப் பருத்துத் தெரிந்தாலோ, மெலியாமல் அப்படியே நீண்டாலோ அதைப் பிராங்கியெக்டாசிஸ் என்று எழுதுவார்கள். அழுகல், ஓட்டை, புற்று ஆகிய எதுவும் இந்தச் சொல்லில் இல்லை. குழாய் நிரந்தரமாக விரிந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள்.

சுவர் தடித்திருப்பது அங்கே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மியூகஸ் பிளக்கிங் என்றால் விரிந்த குழாய்க்குள் சளி இறுகி அடைத்து நிற்கிறது. இந்த மூன்றையும் ஒரே மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு விரிந்த குழாய் பழைய அளவுக்குத் திரும்பாது. அடைத்த சளியை வெளியேற்ற முடியும், சுவரின் வீக்கத்தையும் ஓரளவு வடிய வைக்க முடியும். உங்கள் இருமலில் பெரும்பங்கு இந்த இரண்டால்தான் வருகிறது.

பிராங்கியெக்டாசிஸ் என்பது குழாயின் வடிவத்துக்கு வைத்த பெயர். அது ஏன் வந்தது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. நம் நாட்டில் பழைய டி.பி.தான் முதல் காரணம். 2019-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் இருந்த 2,195 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்களுக்கு டி.பி.யே காரணமாக இருந்தது. ஆகவே உங்கள் டாக்டர் டி.பி.யை நினைத்ததில் தவறில்லை. ஆனால் மீதிப் பேருக்கு வேறு காரணங்கள் இருந்தன. அதில் ஒன்று ஆஸ்துமாக்காரர்களுக்கு வருவது. அது டி.பி. போலவே மேல் மடலில் நிழல் காட்டும்.

நான் சந்தேகப்படும் நோய்

ஆஸ்பர்ஜில்லஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. ஈரச் சுவர், மக்கிய இலை, பழைய வைக்கோல், நாள்பட்ட தானியம் என்று எங்கும் அது வளரும். அதன் நுண்ணிய வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். பெரும்பாலானவர்களின் நுரையீரல் அவற்றைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு மட்டும் அந்த வித்துகள் சளியில் ஒட்டிக்கொண்டு முளைக்கின்றன. பூஞ்சை நுரையீரலைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, சளிக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் உடலின் எதிர்ப்பு சக்தி அதன்மேல் அளவுக்கு மீறிப் பாய்கிறது. அந்தச் சண்டையில் சளி இறுகிக் கெட்டியாகிறது, சுவர் வீங்குகிறது, வருஷக்கணக்கில் நீடித்தால் குழாய் விரிந்துபோகிறது. இதை அலர்ஜிக் பிராங்கோபல்மனரி ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்பார்கள். வாயில் நுழைகிற பெயர் இல்லை. ஏ.பி.பி.ஏ. என்று சொன்னால் நுரையீரல் மருத்துவர் யாருக்கும் புரியும். 1952-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. புதிதும் இல்லை, நம் ஊரில் அரிதும் இல்லை.

உங்கள் விஷயத்தில் ஏன் இதை நினைக்கிறேன்? சிறு வயதிலிருந்து வீசிங் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் இழுபடும் சளித்துண்டு வருகிறது. அது குழாய்க்குள் இறுகிய அடைப்பு அப்படியே கழன்று வருவது. அடுத்தது அந்த 14 சதவீத இயோசினோஃபில், அது அலர்ஜியில் கூடும் ஒரு வகை வெள்ளணு. சதவீதமாகப் பார்த்தால் "அலர்ஜி இருக்கும்", "பூச்சி இருக்கும்" என்று தள்ளிவிடுவார்கள். எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 9,800-இல் 14 சதவீதம் என்றால் 1,372. இந்த நோய்க்கான அளவுகோலில் 500-க்கு மேல் போனாலே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது ரிப்போர்ட்டின் கடைசிச் சொல்தான், 'ஹைப்பர்டென்ஸ் மியூகஸ்'. சாதாரணச் சளி சி.டி.யில் தண்ணீரை ஒத்த சாம்பல் நிறத்தில் தெரியும். ஏ.பி.பி.ஏ.யில் இறுகும் சளியில் கால்சியமும் சில உலோக உப்புகளும் சேர்ந்துவிடும். அதனால் முதுகெலும்பை ஒட்டியுள்ள தசையைவிட வெளுப்பாகத் தெரியும். இப்படிப்பட்ட சளி வேறு நோயில் தெரிவது மிகவும் அபூர்வம். படம் படித்த ரேடியாலஜிஸ்ட் கவனித்து எழுதியிருக்கிறார். அந்த வரி சிகிச்சை எழுதியவரின் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

அப்படியானால் அந்த இரண்டு முறையும் நிழல் எப்படி மறைந்தது?

இந்தக் கேள்வி உங்களுக்குக் கட்டாயம் வரும். மூன்றாவது முறை மாத்திரை எழுதியவரின் நியாயமும் இதில்தான் இருக்கிறது. "போன தடவை மாத்திரையில் நிழல் போனது, அப்படியானால் அது டி.பி.தானே?"

மேல் மடலுக்குப் போகும் குழாயைச் சளி அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் உள்ள பகுதிக்குக் காற்று போகாது. அந்தப் பகுதி சுருங்கி எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும். சில வாரம் கழித்து ஒரு நாள் பலமாக இருமும்போது அடைப்பு கழன்று வந்துவிடும், அல்லது வீசிங்குக்காகக் கொடுத்த ஸ்டீராய்டில் இளகி வெளியேறும். காற்று மறுபடி உள்ளே போகும், நிழல் மறையும். இடையில் டி.பி. மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் பெயர் அதற்குப் போய்விடும். ஒரு பக்கம் மறைந்து சில மாதத்தில் இன்னொரு பக்கம் தோன்றும் நிழலும் ஏ.பி.பி.ஏ.யின் குணம்தான். உங்கள் 2014, 2019 எக்ஸ்-ரே ஃபிலிம்கள் பீரோவில் இருந்தால் தேடி எடுங்கள். நிழல் மூன்று முறையும் ஒரே இடத்திலா, வேறு வேறு இடத்திலா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி தெளிவு வந்துவிடும்.

ஐந்து நாள் ஸ்டீராய்டில் நீங்கள் நன்றாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. சாதாரண ஆஸ்துமாவும் ஸ்டீராய்டில் அடங்கும்.

டி.பி. இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதில் நான் கறாராகவே இருப்பேன். ஏ.பி.பி.ஏ.க்குப் பல மாதம் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே உண்மையிலேயே டி.பி. இருந்து நாம் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது கொழுந்துவிட்டுப் பரவும். அதனால் சளிப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.

அரசு மருத்துவமனைகளில் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இது இலவசம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு மாதிரி கொடுங்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுப் பரிசோதனையில் பெரும்பாலும் ஓரிரு நாளில் விடை வந்துவிடும். கூடவே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம்.

முன்பு டி.பி. சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. செத்துப்போன கிருமியின் மரபணுத் துணுக்கு சளியில் இருந்தாலும் மரபணுப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும். ரிசல்ட்டில் மிகக் குறைவு, அதாவது 'ட்ரேஸ்' என்று வந்தால் அவசரப்படாமல் கல்ச்சரையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கல்ச்சரில் வளர்ந்தால் கிருமி உயிரோடு இருக்கிறது. அப்போது மூன்றாவது முறையா என்று யோசிக்கவே கூடாது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து முழுச் சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும்.

சளி கொடுக்கும் முன் யாராவது லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால், சளி கொடுத்த பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். அந்த மருந்து டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். பரிசோதனையில் பிடிபடாமல் நோய் ஒளிந்துகொள்ள அது வழி செய்துவிடும். அதே சளியில் சாதாரண பாக்டீரியா கல்ச்சரும் கேளுங்கள். விரிந்த குழாய்களில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறுவது உண்டு. அது தெரிந்தால் இனி சளி பச்சையாகும் நாட்களில் எந்த மருந்து என்று குறிவைத்துக் கொடுக்கலாம்.

ரத்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஐ.ஜி.இ. என்பது அலர்ஜியில் ஏறும் எதிர்ப்புப் புரதம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை வகைக்கு எதிரான ஐ.ஜி.இ. ஒன்று, மொத்த ஐ.ஜி.இ. இன்னொன்று. முதலாவது 0.35 அல்லது அதற்கு மேலும், இரண்டாவது 500 அல்லது அதற்கு மேலும் இருந்தால், உங்கள் சி.டி.யையும் 1,372 என்ற எண்ணிக்கையையும் சேர்த்து ஏ.பி.பி.ஏ. என்று சொல்லிவிடலாம். மொத்த ஐ.ஜி.இ.யை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. வேறு அலர்ஜியிலும் பூச்சித் தொல்லையிலும் அது ஏறும். பூஞ்சைக்கான தனிப் பரிசோதனைதான் முக்கியம். தனியார் லேபில் கொஞ்சம் செலவாகும், ஆறு மாதம் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. ஸ்டீராய்டு தொடங்கும் முன் ரத்தம் கொடுப்பது நல்லது. அந்த மருந்து இயோசினோஃபிலைச் சட்டென்று இறக்கிவிடும், ஐ.ஜி.இ.யும் பின்னாலேயே இறங்கும்.

சரி, பூஞ்சைப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால்? என் சந்தேகம் தப்பு என்று பொருள். அப்போது பழைய டி.பி.யின் தழும்பா, எதிர்ப்பு சக்திப் புரதங்களில் குறைவா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோப்பி செய்து குழாயை உள்ளே பார்த்துச் சளி எடுக்கலாம். அந்த நிலையிலும் ஆதாரம் இல்லாமல் டி.பி. மாத்திரை தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். அந்த மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள்.

ஏ.பி.பி.ஏ. என்று உறுதியானால்

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி பிரெட்னிசோலோன். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று தொடங்குவது வழக்கம். உங்கள் 50 கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் ஆகிறது. இரண்டிலிருந்து நான்கு வாரம் அந்த அளவில் கொடுத்துவிட்டு, படிப்படியாகக் குறைத்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் நிறுத்துவார்கள். நீங்கள் இதுவரை எடுத்த ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏன் நிலைக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அளவும் நாளும் இந்த நோய்க்குப் போதவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து இது. நடுவில் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து.

இரண்டாவது வழி இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, 200 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, நான்கு மாதம். ஸ்டீராய்டு அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் உடம்பு ஊதுவது, சர்க்கரை ஏறுவது போன்ற தொல்லை குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். இதில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. கேப்ஸ்யூலாக இருந்தால் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது ரத்தத்தில் ஏறும். நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சாப்பிட்டால் மருந்து வீணாகப் போகும். டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினும் இட்ராகோனசோலை ரத்தத்தில் நிற்கவிடாமல் செய்துவிடும். "இரண்டையும் சேர்த்தே கொடுத்துப் பார்ப்போம்" என்று யாரும் சொன்னால் அது நடக்காத காரியம். உங்கள் இன்ஹேலரின் பெயரையும் டாக்டரிடம் காட்டுங்கள். புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் இரண்டும் இட்ராகோனசோலோடு சேரும்போது உடம்பில் தேங்கி, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மாதிரியே முகம் வீங்கும். இன்ஹேலரை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் இட்ராகோனசோல் கூடாது.

இரண்டு மாதம் கழித்து எக்ஸ்-ரேயும் மொத்த ஐ.ஜி.இ.யும் பார்ப்பார்கள். பல பேர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்துபோகிறார்கள். 6,000 இருந்தது 4,000 ஆகியிருக்கும். லேப் தாளில் நார்மல் அளவு அதைவிட எங்கோ கீழே இருக்கும். "இன்னும் இவ்வளவு இருக்கிறதே" என்று அழுவார்கள். இந்த நோயில் ஐ.ஜி.இ. நார்மலுக்கு வர வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, இருமலும் நிழலும் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. அந்தப் புதிய எண்தான் இனி உங்கள் கணக்கு. அதிலிருந்து பாதிக்கு மேல் மறுபடி ஏறி, கூடவே மூச்சுத்திணறலோ புது நிழலோ வந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள். நார்மல் ஆக்கியே தீருவேன் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டைத் தொடர்வது உடம்பைத்தான் கெடுக்கும். நோய் திரும்பி வருவதும் உண்டு, நிறையப் பேருக்கு வருகிறது. அதனால் மருந்து முடிந்த பிறகும் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சளியை வெளியேற்றுவது

காரணம் எதுவானாலும் விரிந்த குழாயில் சளி தேங்கத்தான் செய்யும். அதைத் தினமும் வெளியே எடுப்பது பாதிச் சிகிச்சை. மாத்திரைச் சீட்டில் இது பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால் நோயாளிகளும் செய்வதில்லை.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் சால்புடமால் இன்ஹேலரை ஸ்பேசரில் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், குழாய் விரியட்டும். நாற்காலியில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்து ஒரு நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். பிறகு மூக்கால் ஆழமாக இழுத்து மூன்று வினாடி பிடித்து, அழுத்தாமல் விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. பிடித்து வைக்கும் அந்த மூன்று வினாடியில் காற்று பக்கவாட்டில் புகுந்து சளிக்குப் பின்னால் சேர்கிறது. மறுபடி ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. அப்புறம் வாயை நன்றாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல 'ஹா' என்று வயிற்றை இறுக்கி ஊதுங்கள், இரண்டு முறை. சளி மேலே ஏறி வருவது நெஞ்சில் தெரியும், அப்போது ஒரே ஒரு இருமல் இருமித் துப்புங்கள். இந்தச் சுற்றை நெஞ்சு லேசாகும்வரை திரும்பச் செய்யுங்கள். முதலிலிருந்தே பலமாக இருமிக்கொண்டே இருந்தால் குழாய் சுருங்கிக்கொள்ளும், களைப்புதான் மிஞ்சும். ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சளி கட்டியாகவே இருந்தால் 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுக்கலாம். உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதால் முதல் தடவை மருத்துவமனையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், சிலருக்கு உடனே வீசிங் வந்துவிடும். இருமலை அடக்கும் சிரப்புகள் வேண்டாம். அவை சளியை உள்ளேயே வைத்துவிடும்.

நீங்கள் கேட்ட மற்றவை

ஆபரேஷன் இப்போது பேச்சுக்கே வராது. ஒரே ஒரு மடல் மட்டும் கெட்டுப்போய், மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்பத் தொற்றோ ரத்தமோ வந்தால் அந்த மடலை எடுப்பது உண்டு. உங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் ஸ்டீராய்டு கொடுத்தும் அடைப்பு திறக்கவில்லை என்றால் பிராங்கோஸ்கோப் வழியாக அந்தச் சளியை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

இன்ஹேலரால் இது வரவில்லை. ஆஸ்துமாவை அடக்கி வைப்பதே அதுதான், நிறுத்திவிடாதீர்கள். எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள். ஆனால் இன்ஹேலர் மட்டும் ஏ.பி.பி.ஏ.யைக் குணமாக்காது. சாக்பீஸ் தூசி இருமலைக் கிளப்பலாம், குழாயை விரிக்காது. நீங்கள் ஒதுங்க வேண்டியது பூஞ்சை பிடித்த இடங்களில் இருந்துதான். கோடை விடுமுறை முடிந்து பள்ளியின் பூட்டிய ஸ்டோர் ரூமைத் திறந்து துடைக்கும் வேலை, வீட்டில் ஒழுகிப் பூத்துப்போன சுவரைச் சுரண்டும் வேலை, எருக்குழி கிளறுவது ஆகியவற்றை வேறு யாராவது செய்யட்டும். ஏர்கூலர் இருந்தால் தொட்டியில் பழைய தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் அன்றே போனில் டாக்டருக்குச் சொல்லுங்கள். ஓரிரு கரண்டி அளவுக்கு மேல் சுத்த ரத்தமாக வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தடித்த சுவரில் ரத்தக்குழாய்கள் பெருத்திருப்பதால் பிராங்கியெக்டாசிஸில் இது நடக்கக்கூடும்.

மாமியாரிடம் பேசும்போது ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் பயப்படுவது பேத்திக்காக, அதில் குற்றம் காண முடியாது. சளி ரிசல்ட் வரும் அந்தச் சில நாட்கள் வீட்டிலும் வகுப்பிலும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தட்டையும் டம்ளரையும் பிரித்து வைப்பதற்கு அவசியமே இல்லை, டி.பி.யே ஆனாலும் அது பாத்திரத்தால் பரவாது. ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்து, ஏ.பி.பி.ஏ. உறுதியானால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாத நோய். உங்கள் மகள் அன்று இரவே உங்களோடு படுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது சி.டி. ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தின் சி.டி. தட்டையும் ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்குச் சேர வேண்டியது, தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பழைய எக்ஸ்-ரேக்களையும் இரண்டு முறை எடுத்த சளி ரிசல்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, இயோசினோஃபில் 1,372, சளி ஹைப்பர்டென்ஸ் என்று எழுதியிருக்கிறது, இது ஏ.பி.பி.ஏ.யாக இருக்குமா?" என்று நேராகவே கேளுங்கள். டி.பி. மாத்திரை எழுதிய அதே டாக்டரிடமே முதலில் கேட்கலாம். அந்த வரியைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் நின்று யோசிப்பார்கள். அவர் மறுத்தால், மதுரை போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சகநோய்ப் பிரிவில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.